திண்ணையில் ஒரு நீலக் குடம்: லேயர் மாஸ்க்கால் மறைப்பது எப்படி?

கும்பகோணம் பக்கத்து அக்ரகாரத்தில் ஒரு பழைய வீடு. வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் இடமாக மாற்றியிருக்கிறார்கள். அதற்காகத் திண்ணையைப் படமெடுக்கப் போயிருந்தேன். சிவப்பு ஆக்சைடு தரை, வெள்ளைச் சுவர், மரத்தூண், தூணின் அடியில் கல். காலை வெயில் இடப்பக்கமிருந்து சாய்ந்து விழுகிறது. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்த பிறகுதான் கண்ணில் பட்டது, தூணை ஒட்டி வலப்பக்கம் ஒரு நீலப் பிளாஸ்டிக் குடம். அங்கே நிற்கும்போது குடம் அந்த வீட்டின் ஒரு பகுதி. படத்தில் பார்வை நேராக அதில்தான் போய் விழுகிறது.

இதை அழிக்க ஃபோட்டோஷாப்பில் பல வழிகள் உண்டு. பின்னணி லேயரிலேயே குளோன் ஸ்டாம்ப்பால் தேய்ப்பது பலருடைய பழக்கம். வேலை முடியும். ஆனால் சேமித்து மூடிவிட்டால் குடம் இருந்த இடத்து அசல் புள்ளிகள் போயே போயின. நாளை ஓரத்தில் ஒரு தப்பு தெரிந்தால் திரும்பிப் போக வழியில்லை, ஏனென்றால் ஹிஸ்டரி கோப்பை மூடும்வரைதான் இருக்கும். அதனால் நான் மாஸ்க் வைத்தே வேலை செய்கிறேன். இந்தக் குடத்தையே எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை போவோம்.

மாஸ்க் மறைக்கும், நிரப்பாது

புதிதாகக் கற்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். குடம் இருக்கும் லேயருக்கு ஒரு மாஸ்க் போட்டு, குடத்தின் மேல் கறுப்பு பூசுவார்கள். குடம் மறையும். அதன் இடத்தில் கட்டம் கட்டமாக ஓட்டை தெரியும். மாஸ்க் செய்யும் வேலை அவ்வளவுதான். அந்த ஓட்டை வழியாகக் கீழே எது தெரிய வேண்டும் என்பதை நாம்தான் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

நான் இதைத் தலைகீழாகச் செய்வேன். அசல் படம் கீழே அப்படியே கிடக்கட்டும், அதற்கு மாஸ்க்கே வேண்டாம். சுத்தமான சுவரும் தரையும் உள்ள ஒரு துண்டை நகலெடுத்து மேலே ஒட்டுப்போட வேண்டும். பிறகு அந்த ஒட்டுக்குக் கறுப்பு மாஸ்க் போட்டு முழுதாக மறைத்துவிட்டு, குடம் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளை பூசி வெளியே கொண்டுவர வேண்டும். கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப்போடுவது போலத்தான், ஆனால் ஒட்டின் ஓரத்தை எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம்.

மாஸ்க் என்பது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை இருக்கும் இடத்தில் அந்த லேயர் தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் மறையும், சாம்பல் என்றால் பாதி தெரியும். சாதாரண 8 பிட் படத்தில் கறுப்பு 0, வெள்ளை 255, இடையில் மற்ற நிலைகள். ஓரம் சுவரோடு கரைவதும் பட்டென்று வெட்டுப்படுவதும் அந்தச் சாம்பல் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதைப் பொறுத்தது.

ஒட்டை எடுப்பது

படத்தைத் திறந்தவுடன் `File > Save As` போய் PSD ஆகச் சேமித்துவிடுங்கள். JPEG-இல் லேயர் நிற்காது. `Background` லேயரின் பூட்டைத் திறக்க வேண்டாம். அந்தப் பூட்டு நமக்குப் பாதுகாப்பு.

இனி ஒட்டை எங்கிருந்து எடுப்பது? தூணுக்கு இடப்பக்கச் சுவர் பளிச்சென்று இருக்கிறது, வெயில் அங்கே நேராக விழுகிறது. வலப்பக்கம் கொஞ்சம் மங்கல். நான் வலப்பக்கத்தைத்தான் எடுத்தேன். சுவரின் வெளிச்சம் இடமிருந்து வலமாகக் குறைந்துகொண்டே போகிறது, குடத்தின் இடத்திலும் அப்படித்தான் குறைய வேண்டும். ஒட்டு மொத்தமாக மங்கலாக இருந்தால் பிறகு ஏற்றிவிடலாம். ஆனால் வெளிச்சம் குறையும் திசை மாறிவிட்டால் சரிசெய்வது பெரும்பாடு. இதனாலேயே ஒட்டைக் கண்ணாடிபோல் இடவலம் திருப்பிப் போடக் கூடாது.

குடத்தின் நிழலும் வலப்பக்கம்தான் விழுந்திருந்தது. அந்த நிழலைத் தாண்டி எடுக்க வேண்டும். லாஸோவை `L` அழுத்தி எடுத்து, குடத்தைவிட நன்றாகப் பெரிதாக, சுவர், சுவரடியில் ஓடும் கறுப்புப் பட்டை, தரை மூன்றும் சேர்ந்து வருமாறு சுற்றினேன். என் படம் 6000 × 4000 புள்ளி. குடம் கிட்டத்தட்ட 500 புள்ளி அகலம், நான் சுற்றியது 900. ஓரத்தை மாஸ்க் பார்த்துக்கொள்ளும், அதனால் `Feather` 0 ஆகவே இருக்கட்டும். தாராளமாக எடுத்தால்தான் பிறகு பிரஷ்ஷுக்கு இடம் கிடைக்கும்.

`Ctrl+J` அழுத்தினால் அந்தத் துண்டு தனி லேயராக மேலே வரும். பெயரை «சுவர்-தரை» என்று மாற்றினேன். பிறகு லேயர் பெயரில் வலது கிளிக் செய்து `Convert to Smart Object`. இதைச் செய்யாமல் `Ctrl+T` போட்டுச் சுருக்கி, மறுபடி பெரிதாக்கினால் ஒவ்வொரு முறையும் படம் கொஞ்சம் மழுங்கும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிவிட்டால் எத்தனை முறை மாற்றினாலும் கணக்கு அசல் துண்டிலிருந்தே போடப்படும்.

இப்போது லேயரின் `Opacity`-ஐ 50% ஆக்கி, `V` அழுத்தி, ஒட்டைக் குடத்தின் மேல் நகர்த்துங்கள். அடியில் இருப்பது பாதி தெரியும். சுவரும் தரையும் எங்கே வைத்தாலும் ஒப்பும், கறுப்புப் பட்டைதான் ஒப்பாது. அதன் மேல்கோடும் கீழ்கோடும் அசலோடு சேர வேண்டும். அம்புக்குறி ஒரு தட்டுக்கு 1 புள்ளி நகர்த்தும், `Shift` சேர்த்தால் 10 புள்ளி. 3 புள்ளி விலகினாலும் கோடு உடைந்ததுபோல் கண்ணுக்குத் தெரிந்துவிடும். திண்ணை கொஞ்சம் சாய்ந்து எடுக்கப்பட்டிருந்தால் `Ctrl+T` போட்டு மூலைக்கு வெளியே சுட்டியை வைத்துச் சற்றே திருப்புங்கள். பட்டை சேர்ந்ததும் `Opacity`-ஐ 100%-க்குக் கொண்டுபோக மறக்காதீர்கள். நான் இரண்டு தடவை மறந்து, குடத்தின் ஆவி ஏன் தெரிகிறது என்று தேடியிருக்கிறேன்.

மாஸ்க்கில் பூசுவது

லேயர் பேனலின் அடியில் `Add layer mask` பொத்தான் இருக்கிறது. அதை `Alt` அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் கறுப்பு மாஸ்க் வரும், ஒட்டு மறைந்து குடம் திரும்பத் தெரியும். மெனுவில் இதற்கு `Layer > Layer Mask > Hide All`.

பூசத் தொடங்கும் முன் ஒரு விஷயம். லேயர் வரிசையில் இப்போது இரண்டு சிறுபடங்கள் இருக்கும், இடது படத்துடையது, வலது மாஸ்க்குடையது. எதைச் சுற்றி மெல்லிய சட்டம் இருக்கிறதோ அதில்தான் பிரஷ் வேலை செய்யும். சந்தேகம் வந்தால் கோப்பின் பெயர் இருக்கும் மேல்பட்டையைப் பாருங்கள், `Layer Mask/8` என்று காட்ட வேண்டும். சாதாரண லேயரில் கவனிக்காமல் பூசினால் படத்தின் மேலேயே வெள்ளைத் தீற்றல் விழும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் அப்படிப் பூசவே விடாது, அதை இன்னொரு லாபமாக வைத்துக்கொள்ளுங்கள்.

`B` அழுத்திப் பிரஷ். `D` அழுத்தினால், மாஸ்க் தேர்வில் இருக்கும்போது, முன்னால் வெள்ளையும் பின்னால் கறுப்பும் வரும். `X` இரண்டையும் மாற்றிப்போடும். வெள்ளையால் குடத்தின் நடுவிலிருந்து பூசத் தொடங்குங்கள். அதிகமாகப் போய்விட்டால் `X` தட்டி, கறுப்பால் திரும்ப மறையுங்கள். `[` `]` விசைகள் பிரஷ்ஷின் அளவைக் குறைக்கும், கூட்டும்.

எந்தப் பிரஷ் என்பது ஓரத்தைப் பொறுத்தது. சுவரின் வெற்றுப் பரப்பில் `Hardness` 0, அளவு 200 புள்ளிக்கு மேல். வெளிச்சம் மெதுவாக மாறும் இடத்தில் ஓரமும் மெதுவாகக் கரைய வேண்டும். தூணை ஒட்டிய இடத்தில் இதே பிரஷ்ஷைப் பயன்படுத்தினால் தூணின் ஓரம் புகைபிடித்தாற்போல் மழுங்கிவிடும். அங்கே 100% பெரிதாக்கிப் பாருங்கள். தூணின் ஓரம் மரத்திலிருந்து சுவருக்கு மாற 2, 3 புள்ளி எடுத்துக்கொள்கிறது. சின்ன பிரஷ்ஷில் `Hardness` 85 அல்லது 90 வைத்தால் மாஸ்க்கின் ஓரமும் ஏறக்குறைய அப்படியே மாறும். 100 வைத்தால் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது போலிருக்கும்.

தூண் நேர்கோடு. கையால் இழுக்க வேண்டியதில்லை. கீழே ஒரு கிளிக், `Shift` அழுத்திக்கொண்டு மேலே ஒரு கிளிக், இடையில் நேராகப் பூசிவிடும்.

எல்லாம் முடிந்ததாகத் தோன்றும்போது `Alt` அழுத்தி மாஸ்க் சிறுபடத்தைக் கிளிக் செய்யுங்கள். மாஸ்க் மட்டும் திரை முழுக்க வரும். என்னுடையதில் வெள்ளைத் திட்டின் நடுவில் சாம்பல் புள்ளிகள் மூன்று நான்கு கிடந்தன. பிரஷ் சரியாகப் படாத இடங்கள் அவை. படத்தில் பார்த்தபோது சுவரில் லேசான நீலக் கறை என்றுதான் நினைத்தேன். மாஸ்க்கைப் பார்த்தபடியே வெள்ளை பூசி அடைத்துவிட்டு, மறுபடி `Alt` கிளிக் செய்து திரும்பினேன்.

குடம் போனாலும் குடம் இருக்கிறது

இந்த நிலையில் படத்தைப் பார்த்த என் தம்பி, «அண்ணா, தண்ணி கொட்டியிருக்கா?» என்று கேட்டான். குடம் போய்விட்டது. ஆனால் மெழுகிய தரையில் அதன் நீலப் பிரதிபலிப்பு அப்படியே கிடந்தது. வலப்பக்கம் நிழலின் வால். தூணின் அடிக்கல்லில், குடத்தைப் பார்த்த பக்கம், லேசான நீலச் சாயல். பொருளை மறைத்துவிட்டு அது மற்றவற்றின் மேல் போட்ட நிழலையும் நிறத்தையும் விட்டுவிடுவதால்தான் பல படங்கள், என்னவென்று சொல்லத் தெரியாமலே, பொய்யாகத் தோன்றுகின்றன.

பிரதிபலிப்பையும் நிழலையும் மறைக்கப் புதிதாக எதுவும் வேண்டாம். ஒட்டைத் தாராளமாக எடுத்திருப்பதால் மாஸ்க்கில் அந்தப் பக்கமும் வெள்ளையை நீட்டினால் போதும். நிழலின் ஓரம் மென்மையாக இருப்பதால் `Flow`-ஐ 20%-க்குக் குறைத்து, பல முறை மேலே மேலே பூசினேன்.

அடிக்கல் வேறு கதை. குடம் அதன் வலது மூலையை மறைத்திருந்தது, அதனால் அங்கே சுவர்த் துண்டு உதவாது. அடுத்த தூணின் கல்லிலிருந்து அந்த மூலையை மட்டும் எடுத்து இரண்டாவது ஒட்டாக வைத்தேன். இரண்டு தூண்கள் கைக்கெட்டும் என்றால் கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பதிலிருந்து எடுங்கள். அது படத்தில் பெரிதாக இருக்கும், சுருக்கி வைப்போம். தூரத்துக் கல்லை எடுத்துப் பெரிதாக்கினால் அந்த மூலை மட்டும் மங்கலாக இருக்கும், யாருக்கும் உடனே தெரியும். இந்த ஒட்டு லேயர் பேனலில் முதல் ஒட்டுக்கு மேலே இருக்க வேண்டும், கல் சுவருக்கு முன்னால் நிற்பதால். இதற்கும் கறுப்பு மாஸ்க், இதற்கும் வெள்ளைப் பூச்சு. கொஞ்சம் உள்ளே வரை பூசினால் நீலச் சாயல் படிந்த பகுதியும் சேர்ந்து மறைந்துவிடும்.

வெளிச்சத்தைச் சேர்ப்பது

ஒட்டு வலப்பக்கத்திலிருந்து வந்தது, அதனால் மங்கல். `Info` பேனலைத் திறந்துவைத்துச் சுட்டியை நகர்த்திப் பார்த்தேன். குடத்தைச் சுற்றிய அசல் சுவர் 196 அளவில், ஒட்டின் சுவர் 184 அளவில்.

ஒட்டு லேயரைத் தேர்ந்தெடுத்து `Layer > New Adjustment Layer > Curves`. வரும் பெட்டியில் `Use Previous Layer to Create Clipping Mask` என்பதில் டிக் போட வேண்டும். போடாவிட்டால் கீழே இருக்கும் படம் முழுவதுமே வெளுக்கும். கோட்டில் ஒரு புள்ளி வைத்து `Input` 184, `Output` 196 என்று தட்டினேன். சுவர் சேர்ந்துவிட்டது. தரை கொஞ்சம் அதிகமாக ஏறியிருந்தது, அதனால் கோட்டின் இருண்ட பக்கத்தில் இன்னொரு புள்ளி வைத்து அதைப் பழைய இடத்துக்கு இழுத்தேன். இந்தத் திருத்தமும் தனி லேயர், எப்போது வேண்டுமானாலும் எண்ணை மாற்றலாம்.

பட்டை இன்னும் 1 புள்ளி விலகியிருப்பது எனக்கு இந்தக் கட்டத்தில்தான் தெரிந்தது. ஒட்டை நகர்த்தினால் மாஸ்க்கும் கூடவே நகரும், தூணோரத்தில் பட்ட பாடெல்லாம் வீணாகும். இரண்டு சிறுபடங்களுக்கும் நடுவில் ஒரு சின்னச் சங்கிலிக் குறி இருக்கிறது. அதைக் கிளிக் செய்து கழற்றிவிட்டு, இடது சிறுபடத்தைத் தேர்ந்தெடுத்து, `V` அழுத்தி அம்புக்குறியைத் தட்டினால், மாஸ்க் நின்ற இடத்தில் நிற்க, உள்ளே படம் மட்டும் நகரும். சன்னல் அசையாமல் வெளியே காட்சி நகர்வது போல. வேலை முடிந்ததும் சங்கிலியைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

ஒட்டில் இன்னொரு தொல்லை, சுவரில் இருந்த ஒரு காரை பெயர்ந்த வடு. ஒட்டோடு சேர்ந்து வந்ததால் படத்தில் அதே வடு இரண்டு இடத்தில். மனிதக் கண் இதை விரைவில் பிடித்துவிடும். அந்த இடத்தில் மாஸ்க்கைக் கறுப்பாக்கினால் அடியிலிருக்கும் குடம் எட்டிப்பார்க்கும், எனவே அது உதவாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெற்று லேயர் போட்டு, குளோன் ஸ்டாம்ப்பில் `Sample`-ஐ `Current & Below` ஆக்கி, அந்த லேயரில் மட்டும் தேய்த்தேன். பிடிக்காவிட்டால் அந்த லேயரை நீக்கினால் போதும், கீழே எதுவும் மாறியிருக்காது.

சோதித்துப் பார்ப்பது

உச்சியில் தற்காலிகமாக இன்னொரு `Curves` லேயர் போட்டு, கோட்டைச் செங்குத்தாக இழுத்துப் படத்தின் வேறுபாட்டைக் கண்டபடி கூட்டுங்கள். படம் அசிங்கமாகும், ஆனால் ஒட்டின் ஓரம் எங்காவது சேராமல் இருந்தால் வரைபடம் போலத் தெரியும். எனக்கு இப்படித்தான் சுவரின் மேல்பக்கம் ஒரு அரைவட்டம் தெரிந்தது. பிரஷ் அங்கே சட்டென நின்றிருந்தது. பெரிய மென்மையான பிரஷ்ஷால் அந்த ஓரத்தை அகலமாக்கியதும் போய்விட்டது. பிறகு இந்தச் சோதனை லேயரை நீக்கிவிடுங்கள், மறந்து அப்படியே அனுப்பிவிடாதீர்கள்.

மாஸ்க் இல்லாமல் ஒட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்க `Shift` அழுத்தி மாஸ்க் சிறுபடத்தைக் கிளிக் செய்யுங்கள். மாஸ்க்கின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழும், ஒட்டு முழுதாகத் தெரியும். குடத்தையே பார்க்க வேண்டுமென்றால் ஒட்டு லேயர்களின் கண் குறியை அணைத்தால் போதும்.

வலது கிளிக் மெனுவில் வரும் `Apply Layer Mask` மட்டும் வேறு சாதி. சாதாரண லேயரில் அது மாஸ்க் மறைத்த பகுதியை வெட்டியே எறிந்துவிடும். `Flatten Image` எல்லா லேயரையும் ஒன்றாக்கிவிடும். வாடிக்கையாளருக்கு JPEG வேண்டுமென்றால் `File > Export > Export As` வழியே தனியாக எடுங்கள், PSD தொடப்படாமல் இருக்கட்டும்.

ஜிம்ப் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான். லேயரில் வலது கிளிக் செய்து மாஸ்க் சேர்க்கும்போது `Black (full transparency)` என்பதைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்க்கை மட்டும் பார்க்க அங்கேயும் `Alt` கிளிக், தற்காலிகமாக அணைக்க `Ctrl` கிளிக்.

இந்த முறை எங்கே நிற்கும்

மறைக்க வேண்டிய பொருளுக்குப் பின்னால் இருப்பது படத்தில் வேறு எங்காவது இருந்தால்தான் ஒட்டு கிடைக்கும். குடம் கோலத்தின் மேல் இருந்திருந்தால் நான் தோற்றிருப்பேன். அதனால் இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் அதே இடத்தில் நின்று இரண்டு படம் எடுக்கிறேன், பொருளோடு ஒன்று, நகர்த்திவிட்டு ஒன்று. தெருவில் ஆள் குறுக்கே போனால் அவர் நகரும்வரை காத்திருந்து இன்னொன்று. இரண்டையும் ஒரே கோப்பில் லேயர்களாக வைத்து, இரண்டையும் தேர்ந்தெடுத்து `Edit > Auto-Align Layers` கொடுத்தால் கை அசைவைச் சரிக்கட்டிவிடும். பிறகு மேல் படத்துக்கு வெள்ளை மாஸ்க் போட்டு, ஆள் இருக்கும் இடத்தில் கறுப்பு பூசினால் கீழே அசல் தெருவே தெரியும். நிழல், பிரதிபலிப்பு, வெளிச்சம் என்ற முக்கால்வாசித் தொல்லை இதில் இல்லை. இரண்டு படத்துக்கும் எக்ஸ்போஷர் கைமுறையாக ஒன்றேபோல் இருக்க வேண்டும், இடையில் மேகம் வந்துவிடக் கூடாது.

வீட்டுக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, சுவரில் மேலே இருக்கும் ஈரக் கறையையும் இதேபோல எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். முடியும் சார், ஆனால் தங்க வருகிறவர் நாளைக்கு அதே சுவரடியில்தானே உட்காருவார் என்றேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

மூன்று வாரம் கழித்து அதே படத்தை வரவேற்பறையில் மாட்ட நான்கடி அகலத்துக்கு அச்சிட்டார்கள். தூணின் அடிக்கல் ஓரத்தில் ஒரு நூலளவு நீலம் தெரிகிறது என்று தொலைபேசியில் அழைத்தார். PSD-ஐத் திறந்து, இரண்டாவது ஒட்டின் மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, 12 புள்ளி பிரஷ்ஷில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு இழுத்தேன்.